சிரசு வரும்போது வாசலில் யார்?

எங்கள் ஊர் வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கம் பல ஊர்களைப் போல எங்களுக்கும் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. காலையில் அம்மன் சிரசு ஊர்வலமாகக் கோயிலுக்கு வரும், இரவில் இறங்கும். அக்னி நட்சத்திரம் பாதி ஓடிக்கொண்டிருக்கும் நேரம். விடியற்காலை 4 மணிக்குக் கோயில் திறந்தால் இரவு வாணவேடிக்கை முடிந்து 11.30க்குத்தான் சாத்துவோம். மூன்று வாசல்கள். தெருப் பக்கம் கீழ வாசல், அதுதான் பெரிய வரிசை. ஆற்றில் வண்டியை நிறுத்திவிட்டு வருபவர்களுக்கு ஆத்து வாசல். அதே சுவரில் கொஞ்சம் தள்ளிப் பின் வாசல், அது வெளியே போக மட்டும். மூன்று வருடமாக இந்த வாசல்களில் யார் எப்போது நிற்பது என்று எழுதும் வேலை என்னுடையது. முதல் வருடம் நான் அதை எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தொண்டு செய்ய 64 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு 4 மணி நேரம் என்றால் 256 மணி நேரம். மூன்று வாசலிலும் கூட்ட நேரத்தில் 10 இடம், மற்ற நேரத்தில் 6 இடம் என்று வைத்து நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 163 மணி நேரம்தான் தேவை. தாராளமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, சார்ட் பேப்பரில் பெயர்களை எழுதி மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் தெரு மிலிட்டரி மாமா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி இது? பந்தி பரிமாற ஆள் போட்ட மாதிரி போட்டு வெச்சிக்கீறே. இவன் ஒண்ணுக்குப் போனா இந்த எடத்துல யாரு நிப்பா?" என்றார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் மாமா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் மறுநாள் காலை 9.10க்குப் புரிந்தது.

காலை ஆள் மாற்றத்தை நான் 9 மணிக்கு வைத்திருந்தேன், மூன்று வாசலுக்கும் ஒரே நேரத்தில். முழு எண், நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம் என்று. சிரசு ஊர்வலமும் 9 மணி வாக்கில்தான் கோயிலுக்கு வந்து சேரும். 5 மணியிலிருந்து நின்றவர்கள் 'நம்ம டைம் முடிஞ்சிது' என்று தேங்காயை எடுத்துக்கொண்டு சிரசைப் பார்க்க ஓடினார்கள். அடுத்து வர வேண்டியவர்களோ சிரசுக்குப் பின்னாலேயே ஊர்வலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஆத்து வாசலில் 3 பேர் நிற்க வேண்டிய இடத்தில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் மட்டும். பின் வாசலில் ஒருவருமே இல்லை. வெளியே போகும் வழியில் ஆட்கள் உள்ளே நுழைய, உள்ளேயிருந்து வருபவர்கள் எதிரே முட்ட, ஒரு பாட்டி படியில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. அதோடு போயிற்று.

அந்தப் பையனை நான் மண்டபத்திலிருந்து பார்த்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போதெல்லாம் நான் வாசலைச் சுற்றி வரும்போது தேடுவது இதைத்தான். ஆள் போதுமான அளவு இருந்தால் தொண்டர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, வருபவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். இரண்டு கையும் கயிற்றுக்குப் போய்விட்டால் அங்கே ஒரு ஆள் குறைகிறது என்று அர்த்தம். வாக்கிடாக்கியில் "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் எல்லாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். கையைப் பார்ப்பது மேல்.

அன்று மதியம் இன்னொன்று. 11 மணிக்கு வந்த 6 பேரை 3.30 வரை ஒரே இடத்தில் நிற்க வைத்திருந்தேன். மே மாதத்து வேலூர் வெயில், கோயில் வாசல் என்பதால் செருப்பும் இல்லை. 1.30க்கு என் பெரியப்பா பேரன், "சித்தப்பா, கண்ணு இருட்டுது" என்று வந்து தூணில் சாய்ந்தான். நல்லவேளை, அவனாகவே வந்தான். சில பேர் வரமாட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு நிமிடம் கழித்து வந்தால், அல்லது சம்பந்தமில்லாமல் வந்தால், உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்துக் குளிர்விக்க வேண்டும். தெளியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அன்று இரவு கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 256க்கும் 163க்கும் இருந்த வித்தியாசம் வெறும் மாயை. 64 பேரில் வந்தது 51 பேர். அந்த 51 பேரிலும் மாலை 6 மணிக்கு மேல் வருகிறேன் என்றவர்கள் முப்பது பேருக்கு மேல், மதியம் 1 மணிக்கு வர முடியும் என்றவர்கள் வெறும் 9 பேர். மாலையில் மிச்சமிருக்கும் ஆளை மதியத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே மொத்த மணி நேரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு அரை மணிக்கும் தனித்தனியாக, இந்த இடத்தில் யார் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

இரண்டாம் வருடம் மாமாவையே உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். அவர் முதலில் சொன்னது, ஆளை எண்ணாதே, இடத்தை எண்ணு என்பது. பட்டாளத்துக் காவலில் 2 மணி நேரம் நின்றால் 4 மணி நேரம் ஓய்வு, அதனால் ஒரு இடத்துக்கு மூன்று ஆள் என்று அவர்கள் கணக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் ஓய்வு என்பது இடைவெளியில் கிடைத்தால் எடுத்துக்கொள்வது இல்லை, ஆள் எண்ணிக்கையிலேயே சேர்க்க வேண்டியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மதியத்துக்கு நாங்கள் வைத்த ஏற்பாடு இதுதான்: 45 நிமிடம் நின்றால் 15 நிமிடம் நிழல். அப்படியானால் 3 இடத்துக்கு 4 பேர் வேண்டும். கீழ வாசலில் 3 இடம். மூன்று பேர் நிற்கிறார்கள், நாலாவது ஆள் நிழலில். கால் மணி ஆனதும் நாலாவது ஆள் முதல் இடத்துக்குப் போவார், அங்கே நின்றவர் நிழலுக்கு வருவார். அடுத்த கால் மணியில் அவர் இரண்டாம் இடத்துக்குப் போக, அங்கிருந்தவர் நிழலுக்கு. இப்படியே சுற்றிக்கொண்டு போகும். இதில் எனக்குப் பிடித்தது, எந்த நேரத்திலும் வாசலில் ஒரே ஒருவர்தான் மாறுகிறார். மற்ற இருவருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும். ஆத்து வாசலில் 2 இடம், பின் வாசலில் 1 இடம், இரண்டும் ஒரே சுவர் என்பதால் அங்கேயும் ஒரு நாலு பேர் குழு. ஆக 6 இடத்துக்கு 8 பேர். 11 முதல் 3.30 வரை ஒரே குழு தாங்காது என்பதால் 1.15க்குக் குழுவை மாற்றினோம், 16 பேர் தேவைப்பட்டார்கள். கூடவே பந்தலை வாசலுக்கு வெளியே பத்தடி நீட்டி, நிற்கும் இடத்தில் தென்னை நார் மிதியடியை நனைத்துப் போட்டோம். கல் தரையில் வெறுங்காலோடு 45 நிமிடம் என்பது மிதியடி இல்லாமல் நடக்காது.

மாலைக் கணக்கு வேறு மாதிரி. வெயில் இறங்கிவிடும், ஆனால் 10 இடமும் வேண்டும். இங்கே சுற்றுமுறை வேண்டாம், மாற்றாள் போதும். மாற்றாள் என்றால் அவருக்கென்று இடம் கிடையாது. ஒவ்வொரு இடமாகப் போய், இருப்பவரை அனுப்பிவிட்டு அவர் திரும்பும்வரை நிற்பார். 6 மணி முதல் 8.45 வரை ஒரு ஷிஃப்ட், நாங்கள் முறை என்போம். அதில் 7.15லிருந்து 8 வரை சிரசு இறங்கும் நேரம், ஒருவரையும் அனுப்ப முடியாது. மிச்சம் 120 நிமிடம். ஆண்கள் நிற்கும் 6 இடத்துக்குத் தலைக்கு 15 நிமிடம் என்றால் 90. ஒரு மாற்றாள் போதும். பெண்கள் வரிசையில் 4 இடம், அதற்கு 60 என்று எழுதப் போனேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல இருக்குது பாத்ரூம். போறதுக்கே ஆறு நிமிஷம். புடவை கட்டினு கால் மணியில எப்படி தம்பி வர்றது?" அப்புறம் அவர்களுக்குத் தலைக்கு 25 நிமிடம் என்று மாற்றினேன். 100 நிமிடம், தனியாக ஒரு பெண் மாற்றாள். 120க்குள் அடங்கியது, ஆனால் மயிரிழையில்தான். ஆண் மாற்றாளைப் பெண்கள் வரிசைக்கு அனுப்ப முடியாது என்பதால் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போட்டது நல்லதாகப் போயிற்று. சேர்த்துப் போட்டிருந்தால் தாளில் சரியாக வந்து வாசலில் உதைத்திருக்கும்.

ஓய்வு கொடுத்தால் மட்டும் போதாது, எங்கே போவார்கள் என்றும் பார்க்க வேண்டும். முதல் வருடம் சாப்பிடப் போனவர்கள் அன்னதான வரிசையில் நின்று 40 நிமிடம் கழித்து வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொண்டர் பட்டையைக் காட்டி முன்னால் போய் நிற்க யாருக்கும் மனசு வராது. இரண்டாம் வருடத்திலிருந்து புளிசாதப் பொட்டலமும் நீர்மோரும் நிழலுக்கே வந்துவிடும்.

மாற்ற நேரங்களை ஊர்வல நேரத்திலிருந்து தள்ளி வைத்தோம். காலையில் 7.30, மாலையில் 3.30, 6, 8.45. அதையும் மூன்று வாசலுக்கும் ஒரே நேரத்தில் வைக்காமல், கீழ வாசல் சொன்ன நேரத்துக்கு, ஆத்து வாசல் 10 நிமிடம் கழித்து, பின் வாசல் இன்னும் 10 நிமிடம் கழித்து. சிரசு வரும் நேரத்தில் நிற்பவர்கள் அம்மனைப் பார்க்க முடியாதே என்ற குறை இருந்தது. அது நியாயமான குறை. வருடம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். அவர்களை விடியற்காலை ஊர்வலம் புறப்படும் இடத்திலேயே முன்னால் நிற்க வைத்துப் பார்க்க வைத்துவிட்டு, அங்கிருந்து வண்டியில் வாசலுக்குக் கொண்டுவந்தோம். நேர்த்திக்கடன் இருப்பவர்களை அந்த நேரத்துக்குப் போடவே இல்லை. போட்டாலும் நிற்கமாட்டார்கள், நிற்கச் சொல்லவும் கூடாது.

இன்னொரு சின்ன ஏற்பாடு ரொம்ப உதவியது. கழுத்தில் மாட்டும் அட்டை 10 மட்டும் அடித்தோம். அதில் ஆள் பெயர் கிடையாது, இடத்தின் பெயர்: கீ1, கீ2, ஆ1, பி2 என்று. அட்டையை அடுத்தவர் கழுத்தில் மாட்டாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. 'அவன் வருவான்னு நெனச்சேன்' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. இடத்துக்கு ஒரு அட்டை இருக்கும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. வேர்வை ஈரம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். கழுத்துக் கயிற்றை மட்டும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அட்டையைக் கழற்றி மாட்டும்படி செய்தோம்.

யார் எப்போது வர முடியும் என்று கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. "எப்ப வருவீங்க?" என்றால் எல்லாரும் "சாயந்திரம்" என்பார்கள், அல்லது "எப்ப வேணாலும் கூப்பிடு" என்பார்கள். இரண்டாவது பதில் இன்னும் ஆபத்து. இப்போது நான் கேட்பது, எப்போது முடியவே முடியாது என்று. அதற்கு உண்மையான பதில் வருகிறது. பீடி சுற்றும் வீடுகளில் பகலில் வந்தால் அன்றைக்கு ஆயிரத்துக்கு எண்ணிக் கொடுக்கும் கூலி போய்விடும், அவர்களைப் பகலில் கேட்பதே தப்பு. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க 7 மணி ஆகும், குளித்துச் சாப்பிட்டு வர 8.45 முறைதான் சரி. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வரும் ஒரு நர்ஸ் அக்கா முதல் வருடம் காலை 8.30க்கு வருகிறேன் என்றார், நானும் போட்டுவிட்டேன். வந்தார், நின்றார், 10 மணிக்குக் கயிற்றைப் பிடித்தபடியே கண் சொக்கினார். வர முடியும் என்பதும் நிற்க முடியும் என்பதும் ஒன்றில்லை. இரவு வேலை முடித்தவரை 8 மணி நேரம் கழித்துத்தான் போடுவது என்று வைத்துக்கொண்டோம். இரவு 11.30 வரை நின்றவரை விடியற்காலை 4 மணி வேலைக்குப் போடுவதில்லை என்பதும் இதில்தான் சேரும்.

பெண்களுக்கு ஒரு விதி தனியாக வைத்தோம். கடைசி நிமிடத்தில் வர முடியவில்லை என்றால் எங்கள் தெரு அக்காவிடம் ஒரு போன், அவ்வளவுதான். காரணம் கேட்பதில்லை. கோயில் என்பதால் அவர்கள் வாயால் சொல்லச் சங்கடப்படும் காரணமாக இருக்கலாம். காரணம் கேட்டால் போனே செய்யாமல் வராமல் இருந்துவிடுகிறார்கள், நமக்கு ஒரு இடம் காலி.

சார்ட் பேப்பரை விட்டுவிட்டு எக்செல்லுக்கு வந்ததும் இரண்டாம் வருடம்தான். வரிசையில் பெயர்கள், மேலே 4 மணியிலிருந்து 11.30 வரை அரை மணிக்கு ஒரு பத்தி, மொத்தம் 39 பத்தி. கட்டத்தில் கீ4, ஆ1 என்று இடத்தின் பெயர், மாற்றாளுக்கு மா, ஓய்வுக்கு ஓ. அடியில் வாசலுக்கு எத்தனை பேர் என்று எண்ணும் சூத்திரம்:

```
=COUNTIF(C$2:C$65,"கீ*")
```

இதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு அரை மணியில் கீழ வாசலுக்கு 5 என்று சரியாகக் காட்டியது. பார்த்தால் கீ4 இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன், கீ5 யாருக்குமே இல்லை. அதனால் இப்போது 10 இடத்துக்கும் 10 வரிகள் தனியாக:

```
=COUNTIF(C$2:C$65,"கீ4")
```

தேவையான நேரத்தில் விடை 1 இல்லாவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன். 0 என்றாலும் சிவப்பு, 2 என்றாலும் சிவப்பு. இந்தப் பெரிய தாளை யாருக்கும் கொடுப்பதில்லை. தொண்டருக்குப் போவது ஒரு துண்டுச் சீட்டு: எத்தனை மணிக்கு, எந்த இடம், யாரிடமிருந்து அட்டையை வாங்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு பெயரும் இருந்தால் அவர்களே ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வருடம் எல்லாம் பழகிவிட்டது என்று இருந்தபோதுதான் நான் யோசிக்காத ஒன்று வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, பேரணாம்பட்டில் எங்கள் தெருவில் சில வீட்டுக்காரர்களின் பங்காளி ஒரு பெரியவர் தவறிவிட்டார். தீட்டு. அந்த வகையறாவில் யாரும் கோயில் படி ஏற முடியாது. எக்செல்லில் அவர்கள் பெயர்களை எடுத்தேன், 9 பேர். அதில் 6 பேர் ஆத்து வாசல். பக்கத்து வீட்டுப் பையன்கள் சேர்ந்து நிற்கட்டுமே, ஒருவரையொருவர் தெரியுமே என்று நான்தான் ஒரே தெரு ஆட்களை ஒரே வாசலுக்குப் போட்டிருந்தேன். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஒருவர் போவார். ஒரு சாவு என்றால் ஒரு வாசலே போகிறது.

மணி 7. காலை 7.30 முறையில் ஆத்து வாசல் மூன்று கட்டமும் சிவப்பு, மாலையிலும் அதே கதை. முதலில் செய்தது, கீழ வாசலில் இருந்த பழைய ஆட்கள் இருவரை ஆத்து வாசலுக்கு நகர்த்தியது. ஆத்து வாசலில் பள்ளம் எங்கே, வண்டி எங்கே திரும்பும் என்று தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். கீழ வாசலில் புது ஆள் நின்றாலும் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், சமாளித்துக்கொள்வார்கள். அப்புறம் 'தேவைப்பட்டால் வருகிறேன்' என்று சொல்லி வீட்டிலேயே இருக்கும் காத்திருப்பு ஆட்கள் 4 பேரைக் கூப்பிட்டேன், 3 பேர் சரி என்றார்கள். மிச்சத்தை வேறு தெருக்களில் போன் போட்டு நிரப்பினோம். 'வரேன்' என்றவர்களை எழுதினோம், 'பாக்கலாம்' என்றவர்களை எழுதவில்லை. தீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்கு வரத்தானே கூடாது என்று, மறுநாள் ஆற்றில் வண்டி நிறுத்தும் இடத்தை நாலு பையன்கள் பார்த்துக்கொண்டார்கள், அங்கே இருந்த மூன்று பேரை நான் வாசலுக்கு எடுத்துக்கொண்டேன்.

இரவு 10.40க்குத் தாளில் ஒரே ஒரு சிவப்பு பாக்கி. பி2, கடைசி முறை. வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே போகும் வழி. அதில் என் பெயரையே போட்டேன். மறுநாள் இரவு 8.45க்கு மேல் 20 நிமிடம் கழித்து, 6 மணி முறை ஆள் ஒருவரிடமிருந்து அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் சீட்டில் 'யாரிடம் கொடுக்க வேண்டும்' என்ற கட்டம் காலி. 11 மணி வாக்கில் மாமா சுற்றிக்கொண்டு வந்தவர், என் கையைப் பார்த்தார். இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. "தள்ளு" என்று அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "போய் மோர் குடிச்சிட்டு வா, கால் மணிதான்" என்றார்.